பதினோரு நாள் வட்டி

பதினோரு நாள். அதற்கு வட்டி நூற்று எழுபத்தாறு ரூபாய். பூபதி அண்ணன் மாட்டிக்கொண்டது அந்த வட்டியால்தான்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உதவும் எங்கள் அறக்கட்டளைக்காக, மூன்றாம் தேதி நாமக்கல் கடைவீதியில் அவர் இருபத்து நான்காயிரம் வசூலித்தார். முப்பத்தொரு ரசீதும் சரியாக இருந்தன. மறுநாளே வங்கியில் கட்ட வேண்டும் என்பது விதி. அவர் பதினான்காம் தேதி கட்டினார், 24,176 ஆக.

தாமதத்தை மட்டும் பார்த்திருந்தால் பொருளாளர் ஸ்ரீதேவி அக்கா திட்டிவிட்டு விட்டிருப்பார். உபரிக்குக் கணக்கில் இடமில்லை. கேட்டபோது, ஒருவருக்கு அவசரம் என்று கைமாற்றாகக் கொடுத்ததாகவும், தர்மக் காசு சும்மா கிடக்கக் கூடாதென்று மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்கியதாகவும் பெருமையாகவே சொன்னாராம்.

தலைவர் தண்டாயுதபாணியிடம் அக்கா தாமதத்தை மட்டும் போனில் சொன்னார். ஆளை உடனே நீக்கச் சொன்னார் தலைவர். விசாரிக்காமல் முடியாதென்று அக்கா சொன்னதும், பணம் யாரிடம் இருந்தது என்று கூட்டத்தில் சொல்லாவிட்டால் நீக்கம் என்று கடிதத்தில் சேர்க்கச் சொன்னார். செயலாளர் என்பதால் எழுதியது நான். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது எளிது.

கூட்டம் தலைவரின் லாரி பாடி பட்டறை மாடியில். கீழே தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை வாசித்தேன். தேதிகள், ரசீது எண்கள், மீறிய விதி, அவர் தந்த விளக்கம் அவர் வார்த்தையிலேயே. முழுத் தொகையும் வந்துவிட்டதால் கையாடல் என்று குழு கருதவில்லை. ஆறு மாதம் பணமோ ரசீதுப் புத்தகமோ தொடக் கூடாது. நோயாளிகளை வேனில் அழைத்துப்போகும் பணி தொடரலாம். பதில் தர ஏழு நாள்; பணம் யாரிடம் இருந்தது என்பதை மட்டும் இந்தக் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம்.

24,176 என்று வாசித்த இடத்தில் தலைவர் டீயைக் கீழே வைத்தார். கடிதம் ரொம்ப நீளம் என்றார். வட்டியை உண்டியலில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றார்.

பெயரில்லாத பணத்தை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் அக்கா. கொடுத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அவர் பெயருக்கு ரசீது போட வேண்டும்.

பூபதி அண்ணன் தரையைப் பார்த்தார். பெயர் சொல்லாவிட்டால் வியாழக்கிழமை வேனுக்கு வேறு ஆள் தேட வேண்டும்.

"என்னை நீக்கிருங்க சாமி," என்றார் என்னிடம். "அவரு மானம் போயிரும்."

"வண்டி ஓட்ட ஆள் இல்லீங்ண்ணா," என்றேன். தகரச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். தலைவர் கர்ச்சீப்பை எடுத்தார்.

"தண்டாயுதபாணின்னு போடுங்க," என்றார் பூபதி அண்ணன். "பட்டறைச் சம்பளத்துக்குத் தலைவருதானுங்க வாங்குனாரு. எந்தக் காசுன்னு அவரு கேக்கல, நானுஞ் சொல்லல."