மறையாத நாடி

போன தடவை பிசியாலஜி பிராக்டிகலில் கோட்டை விட்டவளுக்கு இந்த மாடல் தேர்வு வாழ்வா சாவா கதைதான். இதிலும் போனால் இறுதித் தேர்வில் உட்கார விடமாட்டார்கள், ஒரு வருஷம் அம்போ. போன தடவை ஏன் போனது? பிரஷர் பார்க்கச் சொன்னபோது, காதில் ஒரு சத்தமும் கேட்காமலே "நூத்தி இருபது, எண்பது" என்று அடித்துவிட்டாள். பரிசோதகர் இருவர் சேர்ந்து கேட்கிற இரட்டைக் குழாய் ஸ்டெத்தில் தானும் கேட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒத்திகைதான். மருத்துவக் கல்லூரி பஸ் ஓட்டுகிற அப்பாதான் நோயாளி. சாயங்காலம் பஸ் கிளம்புமுன் கடைசி சீட்டில் கையை நீட்டிக் கொடுத்துவிடுவார். பிரஷர் மாத்திரை போடுகிறவர் வேறே. "முதலில் மணிக்கட்டு நாடி மறையுற வரைக்கும் காற்றடிக்கிறேன்" என்று மகள் ஒப்பிப்பாள். வாய் ஒப்பிக்கும், மனசு அடுத்த வரிக்கு ஓடும். நூற்று அறுபது வரை அடித்த பிறகும் விரலடியில் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அது தன் விரலின் துடிப்பாக இருக்கும் என்று அவளே சமாதானம் செய்துகொண்டு, ஸ்டெத்தை வைப்பாள். நூற்று முப்பத்திரண்டில் சத்தம் ஆரம்பிக்கும், எண்பத்தெட்டில் அடங்கும்.

"பரவாயில்லப்பா, நல்லாத்தான் இருக்கு."

மூன்று மாசம் இந்தக் கூத்து நடந்தது.

இன்று எதிரே இரண்டு பேராசிரியர்கள். மூத்த அம்மாவுக்கு மாணவர்கள் வைத்த பேர் கத்தரி; பாதி வாக்கியத்திலேயே வெட்டுவார். நோயாளியாக ஆய்வுக்கூட உதவியாளர் உட்கார்ந்திருந்தார். மூன்று விரல் வைத்து முழு நிமிஷம் எண்ணி, நாடியைத் தப்பில்லாமல் சொன்னாள். அடுத்து ஹீமோகுளோபின். தன் விரலைக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, பிப்பெட்டில் இருபது குறி வரை உறிஞ்சி, குழாயிலிருந்த அமிலத்தில் ஊதினாள். பழுப்பு நிறம் முழுசாக வரப் பத்து நிமிஷம் வேண்டும்.

"அது நிக்கட்டும். பிரஷர் பாரு. வாயால வேண்டாம், கையால செய்" என்றார் கத்தரி.

மணிக்கட்டில் விரல் வைத்துக் காற்றடித்தாள். எண்பது, நூறு, நூற்றுப் பதினாலு. சட்டென்று விரலடியில் ஒன்றுமே இல்லை. நாடி மறைவது என்றால் இதுதானா! கொஞ்சம் காற்றை விட்டதும் மெல்லத் திரும்பி வந்தது.

"இதை ஏன் முதல்ல செய்றோம்?"

"சிலருக்கு நடுவுல சத்தம் கொஞ்ச தூரம் காணாமப் போயிடும், மேடம். நாடி பாக்காம அந்த இடைவெளிக்குள்ளயே காத்தடிக்கிறத நிறுத்திட்டா, மேல இருக்கிற நிஜ பிரஷர்..."

நூற்று அறுபதிலும் அடித்துக்கொண்டிருந்தது அப்பாவின் நாடி. ஐயோ, அது என் விரல் இல்லை!

"மேடம், நான் வெளிய போகணும். எங்கப்பா..."

"நடுவுல போனா பூஜ்யம். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவரைத் தேர்வு அறைக்கு இழுத்துவந்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்தாள். கத்தரி ஒன்றும் வெட்டவில்லை. இரட்டைக் குழாயில் ஒரு முனையைத் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

நாடி நூற்றுத் தொண்ணூற்றாறில்தான் மறைந்தது. அதற்கும் மேலே முப்பது ஏற்றி, மெதுவாக இறக்கினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டில் சத்தம் ஆரம்பித்தது. நூற்று எழுபதில் நின்றது. பாதரசம் இறங்கிக்கொண்டே இருந்தது, காதில் ஒன்றுமில்லை. நூற்று முப்பத்திரண்டில், அவளுக்குப் பழக்கமான அந்தச் சத்தம் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்தது.

கத்தரி ஸ்டெத்தைக் கழற்றினார். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

அப்பாவுக்கு ஒரே பெருமை. "அதெல்லாம் நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சுங்க. வீட்லயே டாக்டர் இருக்கும்போது மாத்திரை எதுக்கு? தினம் என் பொண்ணுதான் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லுது."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "பொய் சொல்லிட்டேன்பா. நான் ஒழுங்காப் பாக்கவே இல்ல."

"இன்னைக்கு நீங்க பஸ் ஓட்டக் கூடாது. வேற ஆள அனுப்பச் சொல்றேன். நீங்க இப்பவே மெடிசின் வார்டுக்குப் போங்க" என்றார் கத்தரி. அவளைத் திரும்பிப் பார்த்து, "பூஜ்யம் பூஜ்யம்தான். கூடப் போ" என்றார்.

மேஜையில் ஹீமோகுளோபின் குழாய் கவனிப்பாரில்லாமல் கருத்துப் போயிருந்தது. படியிறங்கும்போது, அழுதுகொண்டிருந்த மகளின் கையை அப்பா பிடித்துக்கொண்டார். அவள் மெல்ல அந்தக் கையைத் திருப்பி, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, வார்டு வாசல் வரைக்கும் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டே போனாள்.