பூச்சி: இருந்தது

செடித் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில் தையல்காரம்மா வாய் திறந்து பத்து மாதம் ஆகிவிட்டது. அவள் கொடுத்த ஹோயா கொடித் துண்டோடு மாவுப்பூச்சியும் போய், பல் டாக்டர் வீட்டு ஜன்னலில் பதினோரு தொட்டிகளைக் காலி பண்ணியது. "குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கண்ணைத் திறந்து பாருங்க" என்று அவர் அத்தனை பேர் முன்னாலும் எழுதிவிட்டார். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவளைப் பார்த்து! போன மானத்தை அதே செடியை வைத்தே மீட்பது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

இன்று துணி வெட்டும் மேஜையில் சாய்ந்தபடி கைபேசியில் தட்டினாள்.

"ஹோயா துண்டு ஒன்று. இரண்டு கணு, தண்ணீரில் வேர் விட்டிருக்கிறது. வெளிச்சம்: கிழக்கு ஜன்னல், காலையில் இரண்டு மணி நேர வெயில். தண்ணீர்: மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான். பூச்சி: இருந்தது. பத்து மாதம் முன் மாவுப்பூச்சி. தாய்ச்செடியைத் தனியே வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு இலை இடுக்கையும் துடைத்தேன். வாரம் ஒரு முறை, எட்டு வாரம். வேரை அலசி மண்ணை மாற்றினேன். எட்டு மாதமாக ஒன்றும் இல்லை. இன்னும் ஞாயிறுதோறும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன்."

பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பூச்சிக் கதையை எதுக்குப் போடறே? ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"வாங்காட்டி போகட்டும். மறைச்சுட்டுக் குடுக்க என்னால ஆகாது."

இரண்டு நாள் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் 'நான் அப்பவே சொன்னேனே' என்ற முகத்தோடு உலவினார். மூன்றாம் நாள் பல் டாக்டரே எழுதினார்: "எனக்கு வேணும். மாத்துக்கு என் மணி பிளான்ட் துண்டு கொண்டு வர்றேன். புதுசா வாங்கினது, பூச்சி வந்ததே இல்லை."

தையல் கடைக்கு வந்தவர் டார்ச் அடித்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் ஹோயாவின் ஒவ்வொரு இடுக்கையும் பார்த்தார்.

"சுத்தமா இருக்கும்மா" என்றார் கடைசியில்.

"உங்களோடதைக் குடுங்க." லென்ஸை எடுத்தாள். ஒரு இலைக் காம்பின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி. ஊசி முனையால் தொட்டாள். அது நகர்ந்தது.

பத்து மாதமாக நாக்கு நுனியில் காத்திருந்த பதில் வெளியே வரத் துடித்தது. அவள் லென்ஸை அவர் பக்கம் நீட்டினாள். அவ்வளவுதான். டாக்டர் குனிந்து பார்த்தார், நிமிர வெகுநேரம் ஆனது.

"தாய்ச்செடியை இன்னிக்கே தனியா வைங்க டாக்டர். இந்த ஹோயாவை வேற ரூம்ல வைங்க. ஸ்பிரிட் உங்க கிளினிக்லயே இருக்குமே."

சாயங்காலம் குழுவில் அவருடைய செய்தி வந்தது: "என் மணி பிளான்ட் யாரும் கேக்காதீங்க. பூச்சி: இருக்கு. நான் கண்ணைத் திறந்து பார்க்கல. தையல்காரம்மா பார்த்தாங்க. இனிமே நான் குடுக்கற எதையும் முதல்ல அவங்ககிட்டதான் காட்டுவேன்."

வீட்டுக்காரருக்கு அவள் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை படிக்கச் சொல்லி அவரே கேட்டார்.