மூன்று வெற்றிடங்கள்

முதலமடையில் எங்கள் மாம்பழச்சாறு கம்பெனியில் நான் தட்டச்சர், அதுவும் தற்காலிகம். ஜூனில் மாம்பழம் முடிந்தால் நானும் முடிந்தேன். அடுத்த பிப்ரவரியில்தான் மறுபடி கூப்பிடுவார்கள். இப்படி மூன்று வருஷம்.

1977 மே மாத போர்டு கூட்டத்துக்கு மேலாளர் மத்தியாஸ் பெரிய சார்ட் தாள்களில் எழுதிக் கொண்டுவந்தார். கடைசித் தாளில் 'கோரப்படும் முடிவுகள்'. அதைத் தீர்மான வரைவுகளாக்குவது என் வேலை.

முதல் வரியே 'கொதிகலன் பார்த்து வாங்கலாம்'. பார்த்து வாங்க அது கத்தரிக்காயா? எந்தக் கொதிகலன், எந்த விலைக்குள், எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்தில் என்று குடைந்தேன். மத்தியாஸ் முனகிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் தந்தார். வரைவு சுத்தமாக அமைந்தது.

ஐந்தாவது வரி: 'தட்டச்சர் ஞானம் நிரந்தரம், ஆவன செய்யலாம்.' ஞானம் நான்தான். எந்தத் தேதி முதல், எந்தச் சம்பள விகிதத்தில், உத்தரவு யார் தருவது என்று கேட்டால் அது போர்டு பாடு என்று நழுவிவிட்டார். நானே ஒரு தேதியைப் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுத்தது. ஆனால் குறிப்பில் இல்லாததை வரைவில் எழுதினால் அது களவு. மூன்று இடத்திலும் கோடு போட்டு வெறுமையாக விட்டேன்.

செயலாளர் சுந்தரராமன் சார் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், சண்டை ஆகாது அவருக்கு. "கோடெல்லாம் எதுக்கு? போன வருஷ வாசகத்தையே போட்டுடேன்" என்றார்.

போன வருஷ வாசகம், 'பரிசீலிக்கப்படும் எனக் குறித்துக்கொள்ளப்பட்டது'. அதற்கு முந்தின வருஷமும் அதேதான். இரண்டு வருஷமும் அதை அடித்தது இந்தக் கைதான்.

"முடிவு கேட்டிருக்காங்க சார். குறிச்சுக்கிட்டா அது முடிவு ஆகாதுங்களே" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் ஐந்தாவது வந்ததும் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு வழியாகத் தலைவர் அப்புசாமியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, இந்தக் கோட்டுல என்ன எழுதறதுங்க?"

"நீங்க சொல்றதைத்தான். கோட்டோட நிறைவேத்த முடியாது. வேண்டாம்னா வேண்டாம்னு நிறைவேத்துங்கோ" என்றார் சுந்தரராமன் சார். அவருக்கு இவ்வளவு தைரியம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மாம்பழக் கூடைமேல் உட்கார்ந்து, வேண்டாம் என்ற சொல்லுக்காகவே காத்திருந்தேன்.

கதவு திறந்தது. அப்புசாமியே தாளோடு வந்தார். விகிதம், நிரந்தரத் தட்டச்சருக்கு உள்ளது. உத்தரவு தருபவர், செயலாளர், இன்றே. தேதிக் கோட்டில் பார்த்தேன்: 15 பிப்ரவரி 1975. நான் முதன்முதலில் வந்த நாள்.

"சும்மா இருந்த மாசத்தையும் சேர்த்துத்தானுங்க. சுத்தமா அடிச்சுக் கொண்டாம்மா, எல்லாரும் கையெழுத்துப் போட உக்காந்திருக்காங்க" என்றார்.

சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பிழையே விடாதவள் என்று பேரெடுத்த நான், என் பெயரை மட்டும் மூன்று முறை தப்பாக அடித்தேன்.