பெயர் எழுதாத படம்

எங்கள் தொழிற்சங்கத்தின் பழைய மாத இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட ஜாஸ்மின் என்ற இளம்பெண் ஒரகடம் வந்திருந்தாள். ஒரு பக்கம் முழுக்க வேலைநிறுத்தப் படம். ஐந்து பேர், பெயர் போடவில்லை.

"எழுத்துன்னா கம்ப்யூட்டரே படிச்சிக்கும் தாத்தா. மூஞ்சிக்கு நாமதான் பேர் எழுதணும். அப்பதான் தேடினா வரும். இவங்கல்லாம் யாரு?"

தேடினால் கம்பெனிக்காரனுக்கும் வருமே, பழிவாங்குவானே என்று பயந்து, "தெரியாது" என்றேன். படத்தின் விவரத்தில் ‘வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள்’ என்று மட்டும் எழுதினாள்.

படத்தில் நடுவில் நின்றவன் பெயர் மண்ணாங்கட்டி. போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். போன வாரம் வாலாஜாபாத்தில் அவன் மனைவி கன்னியம்மா என்னை நிறுத்தினாள்.

"மருமவ போன்ல அவரு பேரப் போட்டுத் தேடினாண்ணா. ஒண்ணும் வரல. வூட்ல ஒரு போட்டோகூட இல்ல. சங்கம் சங்கம்னு ஓடினாரே, அவர புக்குல போடவே இல்லியா?"

அன்றே ஜாஸ்மினுக்குப் போன் செய்து ஐந்து பெயரையும் சொன்னேன். அவள் விவரத்தில் சேர்த்ததும் தேடலில் படம் வந்தது. கன்னியம்மா வீட்டுக்குப் போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். ஜாஸ்மின் கேட்டபோது ‘தெரியாது’ என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

"தெரிஞ்சிகினேயா தெரியாதுன்னு சொன்னே?"

"கம்பெனிக்காரன் பார்ப்பான்னு..."

"செத்தவர அவன் இன்னாண்ணா பண்ணுவான்? தேடினது நாங்கதானே."