படத்தின் முதுகில் எழுதியது

பாடநூல் அலுவலகத்தில் அவருக்குக் கல்லு சார் என்று பெயர். நிலவியல் பாடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். பாறையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பூர்வோத்தரம் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அவரேதான்.

சுண்ணாம்புப் பாறை கரைந்து உருவாகும் கார்ஸ்ட் நிலத்தோற்றம் பற்றிய பாடத்துக்கு முழுப்பக்கப் படம் ஒன்று தேவைப்பட்டது. தன் மனைவி எடுத்த படத்தைக் கொடுத்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். எப்போதோ ஒரு சுற்றுலாவில், பஸ் பழுதாகி நின்ற இடத்தில் இறங்கி எடுத்தாள். சமவெளியில் கோபுரம் கோபுரமாய் நாலைந்து செங்குத்துக் குன்றுகள். அச்சானால் கீழே அவள் பெயர் வரும். அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இனி அவளுக்காகச் செய்ய அவருக்கு மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

மறுநாள் பதிப்பாசிரியர் அந்தப் படத்தைத் திருப்பிக்கொண்டு வந்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். முதுகில் அவருடைய கையெழுத்து, அடியில் இரண்டு கோடு: மணற்கல் தூண்கள்.

“சார், நீங்களே இப்படி எழுதியிருக்கீங்க. இதைச் சுண்ணாம்புப் பாடத்துல எப்படி சார் போடறது?”

எந்த இடம் என்று தெரிந்தால் நிலவியல் வரைபடத்தில் பார்த்துவிடலாம் என்றாள். அது அவருக்குத் தெரியாது. பஸ் நின்றதும், மனைவி இறங்கியதும், ஏறியதும் எல்லாம் அவர் தூக்கத்தில் நடந்தவை. அந்தப் பயணம் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் மட்டும் தூக்கத்துக்கு இடமில்லாமல் போனது.

படம் கழுவி வந்த அன்றே வீட்டில் சண்டை. அடுக்கடுக்காய்த் தெரிகிறது, ஆகவே மணற்கல் என்றார் அவர். சுண்ணாம்புக்கல்லிலும் அடுக்கு உண்டு என்பது, மனைவியோடு வாதம் செய்யும்போது மட்டும் அவருக்கு மறந்துபோகும். “அந்தப் பக்கம் பூரா ஒரு ஆறு கூட இல்லீங்க. பெய்ற மழையெல்லாம் எங்கதான் போகுது?” என்று கேட்டாள். ஆவியாகப் போகும் என்றார். அவள் சிரித்துவிட்டு சமையலறைக்குப் போனாள். அவர் பேனாவை எடுத்து, வென்றவர் என்ற முறையில், முதுகில் எழுதினார். அவள் இறந்த பிறகு, எதிர்த்துப் பேச ஆளில்லாமல் அதே படத்தைப் பார்த்தபோதுதான், மழையை நிலத்துக்குள் இழுத்துக்கொள்வது சுண்ணாம்புப் பாறைதானே, அவள் கேட்டது சரியோ என்று பட்டது. எழுதி வைத்தது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

இப்போது தன்னைத் தானே தோற்கடிக்க வேண்டும். லென்ஸை எடுத்தார். கோபுரங்களை மட்டும் நம்ப முடியாது, மணற்கல்லும் அப்படி நிற்கும். பாறை முகத்தில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. மழைக்கறையா, தொங்கும் கல்லா என்று அந்தச் சின்னப் படத்தில் தெரியவில்லை.

மகளைப் போனில் கூப்பிட்டு நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டார்.

“பிஸ்கட் டப்பாவுல இருக்குப்பா. அம்மாதான் பத்திரமா வைக்கச் சொன்னாங்க. என்னைக்காவது அப்பா கேட்பாருன்னு.” கூடவே, “இவ்வளவு நாளாகும்னு சொல்லல,” என்றாள்.

அலுவலகத்தில் நெகட்டிவைப் பெரிதாக்கித் திரையில் போட்டார்கள். இடப்பக்கம் கால்வாசி, கையிலிருந்த படத்தில் இல்லாத பகுதி வந்தது. சட்டத்தில் அடங்கவில்லை, அதோடு யாரோ மண் வெட்டிய பள்ளம் அசிங்கமாக இருக்கிறது என்று அவரே கத்தரியால் வெட்டிப்போட்ட பகுதி. வட்டமாக நிலம் உள்வாங்கிய குழி, அதற்குள் மரங்கள். பக்கத்தில் இன்னொன்று. குன்றோரத்திலிருந்து வந்த சின்ன ஓடை முதல் குழியில் இறங்கியது. மறுபக்கம் வெளியே வரவே இல்லை.

பதிப்பாசிரியர் குன்றைப் பெரிதாக்கினாள். பாதி உயரத்தில் குகை வாய், அதன் கூரையிலிருந்து விழுதுபோல் கற்கள் தொங்கின. சொட்டுச் சொட்டாய்க் கசிந்த நீர் சுண்ணாம்பை விட்டுச் சென்று வளர்த்தவை.

“கோபுரம் மட்டும்னா சந்தேகப்படலாம். குழி மட்டும்னா பழைய சுரங்கம்னு சொல்லலாம்,” என்றார் அவர். “ஓடையை முழுங்கற குழி, கல்விழுது, கோபுரம், எல்லாம் ஒரே படத்துல இருக்கும்மா. இதுக்கு மேல அடம் பிடிக்க எனக்குத் தெம்பில்ல.”

படம் முழுசாகவே போகும் என்றாள் பதிப்பாசிரியர். ஆனால் திருத்தப் படிவம் நிரப்ப வேண்டும். தவறாக அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் தன் பெயரைப் பட்டங்களோடு எழுதினார். சரியாகக் கண்டவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதினார்.

“அவங்களும் நிலவியல் படிச்சவங்களா சார்?”

“இல்லம்மா. தண்ணி எங்க போகுதுன்னு கேட்டவ.”