வெட்டிய பக்கம்

"ஊக்கப்படுத்தல் எனப்படுவது யாதெனில்..."

யாதெனிலாம்! கேட்டது ஆர் அதை? பாலேஸ்வரி சிவப்புப் பேனையை மேசையில் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் அந்தத் தனியார் முகாமைத்துவக் கல்லூரியில் அவள் விரிவுரையாளர். டிப்ளோமா விடைத்தாள்களுக்கு முதல் திருத்துநரும் அவள்தான். காலையிலிருந்து திறந்த தாள் எல்லாவற்றிலும் இதே யாதெனில்தான்.

கேள்வி என்னவோ பச்சைத் தண்ணீர்போலத் தெளிவானது. ஒரு சேலைக் கடை. முதலாளி சம்பளத்தைக் கூட்டியும் விற்பனைப் பெண்கள் விலகிப் போகிறார்கள். நாள் முழுக்க நிற்கவேண்டும், கதிரை இல்லை. மேற்பார்வையாளர் வாடிக்கையாளருக்கு முன்னாலேயே ஏசுவார். செல்வி என்ற பெண் ஒன்பது வருடம் வேலை செய்தும் இன்னும் சேலைதான் மடிக்கிறாள். சம்பள உயர்வு ஏன் பயன்தரவில்லை என்று ஹெர்ஸ்பேர்க்கின் கோட்பாட்டைப் பிரயோகித்து விளக்கி, இரண்டு நடவடிக்கைகளைப் பரிந்துரைக்கவேண்டும். சம்பளம், வேலைச் சூழல் போன்ற 'சுகாதாரக் காரணிகள்' மனக்குறையைத்தான் தீர்க்கும், வளர்ச்சி, பாராட்டு போன்ற 'ஊக்குவிப்புக் காரணிகள்'தான் விருப்பத்தைத் தரும் என்பது அந்தக் கோட்பாடு. மொத்தம் இருபது புள்ளி. கோட்பாட்டைச் சொன்னதற்கு நாலு, அதைக் கடையோடு பொருத்தியதற்குப் பத்து, பரிந்துரைக்கு ஆறு.

பிள்ளைகளோ நாலு புள்ளிக்கு நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். சில கெட்டிக்காரர் "இச்சேலைக் கடையில் சுகாதாரக் காரணிகள் எனப்படுபவை" என்று கடையை இடையில் செருகிவிட்டு, மிச்சத்தை நோட்ஸில் இருந்தபடியே இறக்கியிருந்தார்கள். கடையைச் செருகிவிட்டால் பிரயோகம் ஆகிவிடுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

அடுத்த தாளிலும் பெயர் இல்லை, சுட்டெண் மட்டும்தான் இருந்தது. ஆனால் வால் நீண்ட அந்த 'ழ'வைப் பார்த்ததும் பாலேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. அது அவளுடைய மாணவி மேனகாவின் எழுத்து.

மேனகா கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருப்பவள். பெற்றோர் இன்னும் மலையகத் தோட்டத்தில். பக்கத்துத் தெருவில் உள்ள உடுப்புக் கடையொன்றில் நின்று நின்றே கால் வீங்கியவள். இந்தப் பாடத்தை எழுதுவது மூன்றாவது முறை. மூன்றுக்குமேல் கல்லூரி விடாது. கொள்ளுப்பிட்டியில் திறக்கப்போகிற புதுக் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார், டிப்ளோமா இருந்தால்.

மற்றக் கேள்விகளில் முப்பத்தொன்று எடுத்திருந்தாள். சித்தியடைய நாற்பது வேண்டும். இதில் ஒன்பது எடுத்தாலே போதும்.

பாலேஸ்வரி ஆசையோடு விடையைத் திறந்தாள். "ஊக்கப்படுத்தல் எனப்படுவது யாதெனில்..."

"ஐயோ பிள்ளை!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வரைவிலக்கணம் அச்சடித்தாற்போல இருந்தது. சுகாதாரக் காரணிகள் எல்லாம் வரிசையாக, ஊக்குவிப்புக் காரணிகள் எல்லாம் வரிசையாக. கடை எங்கே? செல்வி எங்கே? கதிரை எங்கே? வரிக்கு வரி தேடினாள், ஒரு இடத்திலும் இல்லை. நாலு போட்டாள். அதற்குமேல் போட எதுவும் இருக்கவில்லை.

அதற்கு முந்திய பக்கத்தைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு முழுப் பக்கம், மூலைக்கு மூலை ஒரே கோடாக வெட்டியிருந்தது. கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"சம்பளம் குறைந்ததால் வந்த கோபத்தைத்தான் சம்பள உயர்வு தணிக்கும். நிற்க வைப்பதும் ஆட்களுக்கு முன்னால் ஏசுவதும் அப்படியே இருக்கின்றன, அவையும் சுகாதாரக் காரணிகள்தான். இவற்றைச் சரி செய்தாலும் முறைப்பாடுதான் குறையும், வேலையில் விருப்பம் வராது. ஒன்பது வருடம் மடித்த செல்விக்கு வளர்ச்சியும் இல்லை, பாராட்டும் இல்லை. இருக்கக் கதிரை கொடுத்து, ஏசுவதென்றால் தனியாகக் கூப்பிட்டு ஏசச் சொல்லவேண்டும். செல்வியிடம் புதுப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பைக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் நாளைக்கும் வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்."

பாலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபதுக்குப் பதினெட்டு! காலையிலிருந்து அவள் தேடிய விடை இதுதான். இதைப் போய் வெட்டிவிட்டு அந்த யாதெனிலை எழுதியிருக்கிறாளே, பாவி!

தாளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கே இரண்டாம் திருத்துநர் சவுந்தரநாயகம் இருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டத்தில் கறார், மனதில் நல்லவர்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அருமையா எழுதியிருக்கிறா."

"அப்ப குடுப்பமே சேர்?"

"வெட்டினது வெட்டினதுதானே பாலேஸ்வரி. வெட்டிப்போட்டு வேற விடை எழுதினா, வெட்டினதுக்குப் புள்ளி இல்லை. வினாத்தாளின்ர முதல் பக்கத்திலயே போட்டிருக்கு."

"அது எனக்குத் தெரியாதோ? ஆனா பிள்ளைக்கு விளங்கியிருக்குத்தானே. ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒரு குறிப்பு எழுதுவம்."

"காலையில ஒரு தாளில வெட்டின விடைக்குப் பூச்சியம் போட்டனீங்கள் எல்லே? அந்தப் பிள்ளையும் பெயில்தான். அதையும் எடுப்பமோ?"

பாலேஸ்வரிக்கு அந்தத் தாள் நினைவு வந்தது. உண்மைதான். அந்தத் தாளின் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவள் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. யார் எழுத்து என்று தெரிந்திராததால் மளமளவென்று புரட்டிவிட்டிருந்தாள்.

"எனக்கும் கவலைதான். என்ன செய்யிறது?" என்றார் சவுந்தரநாயகம். தாளை இரண்டு கையாலும் மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

முப்பத்தைந்து. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

பெறுபேறு வந்த பின்னேரம் மேனகா கல்லூரிக்கு வந்தாள். கடையில் அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தாள், கழுத்தில் கடையின் பெயர் அட்டை இன்னும் தொங்கியது. அழுகை எல்லாம் பஸ்ஸிலேயே முடிந்திருக்கவேண்டும், முகம் காய்ந்திருந்தது.

"இரு பிள்ளை," என்றாள் பாலேஸ்வரி.

"பரவால்லீங்க மிஸ், நிக்கிறேன். பழக்கந்தானே."

அந்தப் பழக்கம் என்ற சொல் பாலேஸ்வரிக்குச் சுருக்கென்று குத்தியது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பக்கத்தை ஏன் வெட்டினனீர்?"

மேனகா நிமிர்ந்து பார்த்தாள்.

"எது மிஸ்? அந்தக் கடை, செல்வி எல்லாம் எழுதினதா? அதை நீங்க பாத்தீங்களா?" வெட்கத்தோடு சிரித்தாள். "எழுதிட்டுத் திருப்பி வாசிச்சேன் மிஸ். வாசிச்சா எல்லாம் கதை மாதிரியே இருந்திச்சு. நம்ம கடையில புள்ளைங்க டீ குடிக்கிறப்போ பேசுற பேச்சு. நீங்கதானே வகுப்புல சொன்னீங்க, கதை அளக்காதீங்க, கோட்பாட்டைப் பிடிச்சு எழுதுங்கன்னு."

சொன்னாள்தான். வினோதன் என்ற பையன் கேள்வியில் தந்த கேஸை விட்டுவிட்டுத் தன் மாமாவின் ஹாட்வெயார் கடைப் புராணத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். அன்று எரிச்சலில் முழு வகுப்புக்கும் கேட்கக் கத்தியிருந்தாள். கேஸில் இல்லாததைக் கதைக்காதேயுங்கோ என்பதுதான் கருத்து. வினோதனுக்கு அது ஒரு காதால் போய் மறு காதால் வெளியேறிவிட்டது. பின் வரிசையில் இருந்த மேனகா சொல்லுக்குச் சொல் எழுதிவைத்திருக்கிறாள்.

"அது கதை இல்லைப் பிள்ளை. அதுதான் விடை."

மேனகாவுக்கு அது உடனே ஏறவில்லை. "அதுவா?" என்றாள். பிறகு கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, முதன்முறையாகக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அப்போ அதுக்குப் புள்ளி போடலாந்தானே மிஸ்? எழுதி இருக்குத்தானே?"

"வெட்டியிருக்கம்மா."

"ஒரு கோடுதான் மிஸ்."

பாலேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே ஒழுங்கையில் ஆட்டோக்காரன் ஒருவன் யாரையோ சிங்களத்தில் ஏசிக்கொண்டு போனான். ரயில் ஒன்று கடலோரமாகப் போனது.

மேனகா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவடிக்குப் போனவள் திரும்பினாள். ஒரு நல்ல வார்த்தையாவது கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"வரைவிலக்கணம் எல்லாம் சரியா இருந்திச்சா மிஸ்? ஒரு மாசமாப் பாடமாக்கினேன்."

"ஓம் பிள்ளை," என்றாள் பாலேஸ்வரி. "ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை."