மேல் கோடு யாருடையது

மலேசியாவின் கோலா பிலா ஊரில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் மரியகொரெட்டிக்கு ஒன்பது வருஷ வேலை. குடியிருப்பதோ எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். லயத்துக் குழாய்த் தண்ணீரில் குளித்துக் குளித்து அவள் மகள் ஜோஆனுக்குக் கை மடிப்பெல்லாம் புண். அதனால் லயத் தலைவர் கணேசமூர்த்தி தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைப் பென்டிரைவில் கொண்டுவந்து நாற்பது பிரதி கேட்டபோது, எவரையும்விட அவளுக்குத்தான் அது நன்றாக வரவேண்டியிருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் எஸ்டேட் மேனேஜர் மனம் வைத்தால்தான் லயத்துக்கு வடிகட்டித் தொட்டி.

கலர் கட்டுப்படியாகாது, கறுப்பு வெள்ளையில் அடி என்றார் தலைவர். பிடிஎஃப்பைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒரு தாள் எடுத்துப் பார்த்தவள் மெஷினை நிறுத்தினாள். அறிக்கையின் உயிரே தண்ணீரிலுள்ள அழுக்கின் அளவைக் காட்டும் ஒரு வரைபடம். அதில் லயத்துத் தண்ணீர் சிவப்புக் கோடு, மேனேஜர் பங்களாத் தண்ணீர் பச்சைக் கோடு. நிறம்தான் வேறு, அடர்த்தி ஒன்று. தாளில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. மேலே ஏறிப்போகும் கோடு யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

விடவில்லை அவள். படம் வரையும் மென்பொருளில் பிடிஎஃப்பைத் திறந்தாள். நல்ல காலம், கோடுகள் தனித்தனியே பிரிந்து வந்தன. சிவப்பைத் தடித்த கறுப்பாக்கினாள், பச்சையை மெல்லிய புள்ளிக்கோடாக்கினாள், முனைகளில் லயம், பங்களா என்று எழுதினாள். எண்களைத் தொடவில்லை. எடுத்த தாளைப் பெருமையாக நீட்டினாள்.

கணேசமூர்த்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"லேப் குடுத்த ரிப்போர்ட்ல கைய வைக்க நீ யாரு? மூணாம் பாரத்துல பெயிலானவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? உன் வேல பட்டன அமுக்குறது. அத மட்டும் செய்லா."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஒரு பக்கத்தையாவது கலரில் எடுங்கண்ணே என்று கெஞ்சிப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டவர் இறங்கி வருவாரா? நாற்பதும் சாம்பலாகவே போயின.

சனிக்கிழமை மேனேஜர் தாளைத் தூக்கிப் பிடித்து, இதில் எது உங்கள் தண்ணீர் என்று கேட்டார். தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலர் பிரதி இருந்த பென்டிரைவ் வீட்டில் கிடந்தது. வியர்த்து வழிந்தவர் கடைசி வரிசையைக் கைகாட்டினார்.

"பிரிண்ட் போட்டவ அங்க இருக்கா. அவளக் கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். திருத்திய தாள் அவள் கைப்பையில் நாலாக மடித்துக் கிடந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது காரியம். ஆனால் அந்த மனுஷன் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்க அவளுக்குத் தேனாக இனித்தது.

"நான் பட்டன அமுக்குறவதான் துவான். எனக்கு என்ன தெரியும்?" என்றாள் மேனேஜரைப் பார்த்து.

மேனேஜர் கோப்பை மூடினார். இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

அன்று மாலை ஜோஆன் குழாயடியில் எரியுதும்மா என்று அழுதாள். கொரெட்டி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.